முதுமையில் பசியும் ருசியும்

வயதானவர்கள் சாப்பாட்டில் ருசி இல்லை என்று சொல்லும்போது, பெரும்பாலும் தேய்ந்திருப்பது மூக்கின் முகரும் ஆற்றல். நாக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கிறது; மூக்கு அதைவிட முன்பே தளர்ந்துவிடுகிறது. ஆனால் சாப்பிடுபவர் அதை மூக்கின் குறையாக உணர்வதில்லை. குழம்பில் உப்பில்லை என்றோ, இப்போதைய காய்கறிகளில் சத்தில்லை என்றோதான் சொல்கிறார். வீட்டிலிருப்பவர்கள் உப்பைக் கூட்டுகிறார்கள், அல்லது வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டாலும் தட்டில் மிச்சமாகும் சோறு குறைவதில்லை. ருசி எங்கே, எதனால் குறைகிறது என்பது தெரிந்தால் அதை எந்த வழியில் ஈடுகட்டலாம் என்பதும் தெளிவாகும்.

ருசியில் மூக்கின் பங்கு

நாக்கு தானாக அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகிய ஐந்து சுவைகளைத்தான். உமாமி என்பது நன்கு பழுத்த தக்காளி, காளான், கருவாடு, எலும்பு சூப் போன்றவற்றில் இருக்கும் திடமான ருசி. ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் அதற்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டறிந்தார். இந்த ஐந்துக்கு அப்பால் உணவில் நாம் ருசி என்று சொல்வது ஏறக்குறைய முழுவதும் மணம். ரசத்துக்கும் புளிக்குழம்புக்கும் உள்ள வேறுபாடு, ஏலக்காய்ப் பாயசத்தையும் வெறும் சர்க்கரைப் பாலையும் பிரித்துக் காட்டுவது எல்லாமே மணம்தான்.

இந்த மணம் மூக்கின் முன்துவாரம் வழியாக மட்டும் வருவதில்லை. உணவை மென்று விழுங்கும்போது அதிலிருந்து எழும் ஆவி தொண்டையின் பின்புறமாக ஏறி மூக்கின் உச்சியை அடைகிறது. வாயில் உணவு இருக்கும்போது இது நடப்பதால், மூளை அந்த மணத்தை நாக்கில் உணர்ந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஏலக்காய் மிட்டாயைச் சப்பினால் இனிப்பு மட்டும் தெரியும். விரலை எடுத்தவுடன் ஏலக்காய் வந்து சேரும். முகரும் ஆற்றல் மங்கியவருக்கு எல்லா நேரமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவது போன்ற நிலைதான்.

காரம் இவை இரண்டிலும் சேராதது. மிளகாயின் எரிப்பு, மிளகின் சுறுசுறுப்பு, இஞ்சியின் உறைப்பு, புதினாவின் குளிர்ச்சி ஆகியவற்றை முகத்துக்கு உணர்வூட்டும் தனி நரம்பு ஒன்று மூளைக்குக் கொண்டுசெல்கிறது. சூட்டையும் வலியையும் உணர்த்தும் நரம்பும் அதுவே. வயதால் இதுவும் ஓரளவு மழுங்குகிறது என்றாலும் முகர்தல் அளவுக்கு இழப்பதில்லை. முதியோர் சமையலில் இந்த வேறுபாடு பெரிதும் உதவும்.

மூக்கில் நேர்வது

மூக்கின் உச்சியில் தபால்தலை அளவே உள்ள ஒரு சவ்வில் மணம் அறியும் நரம்பு உயிரணுக்கள் இருக்கின்றன. மனிதரிடம் இவற்றுக்கு ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் உண்டு. இந்த ஏற்பிகளைப் பற்றிய ஆய்வுக்காக ரிச்சர்ட் ஆக்சலும் லிண்டா பக்கும் 2004இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள். வெளிக்காற்று நேரடியாகத் தொடுவதால் இந்த உயிரணுக்கள் விரைவில் அழிகின்றன. சில வாரங்கள், மாதங்களுக்கொருமுறை அடியிலுள்ள மூல உயிரணுக்களிலிருந்து புதியவை முளைக்கின்றன. வயது கூடக்கூட இந்த மறுமுளைப்பு தளர்கிறது. ஆங்காங்கே சவ்வு மண உணர்வற்ற சாதாரணத் திசுவாக மாறிவிடுகிறது. மண நரம்புகள் மூளைக்குள் நுழையும் எலும்பின் நுண்துளைகளும் காலப்போக்கில் குறுகுகின்றன. சளிக்காய்ச்சல், கொரோனா, தலையில் பட்ட அடி, நீண்டகாலச் சைனஸ், புகைப்பழக்கம், விறகடுப்புப் புகை ஆகியவை இந்தத் தேய்மானத்தை வேகப்படுத்துகின்றன.

இது எவ்வளவு பரவலானது என்பதற்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பீவர் டாம் என்ற ஊரில் நடந்த ஆய்வு நல்ல சான்று. 53 வயது முதல் 97 வயது வரையிலான சுமார் 2,500 பேரைச் சோதித்ததில் நான்கில் ஒருவருக்கு முகரும் ஆற்றல் குறைந்திருந்தது. 80 வயதைக் கடந்தவர்களில் இது 62.5 விழுக்காடு. தங்களுக்கு முகர்வதில் குறை இருப்பதாகத் தாங்களே சொன்னவர்களோ மொத்தத்தில் பத்தில் ஒருவர் கூட இல்லை. பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல நேரும் இழப்பு என்பதால் இழந்தவருக்கே அது தெரிவதில்லை. அதனால்தான் புகார் மூக்கை விட்டுவிட்டுச் சமையல்மேல் பாய்கிறது.

நாக்கு, உமிழ்நீர், மாத்திரை

நாக்கின் சுவை மொட்டுகளிலுள்ள உயிரணுக்கள் ஏறத்தாழ பத்து நாளுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. முதுமையில் இது மெதுவாகிறது. ஒரு சுவையை அறிய முன்பைவிடச் சற்று அதிக அளவு தேவைப்படுகிறது. எல்லாச் சுவைகளும் ஒரே அளவில் மங்குவதில்லை. உப்பு, கசப்பு ஆகியவற்றில் குறை அதிகமாகத் தெரியும்; இனிப்பு கடைசிவரை ஓரளவு நிலைத்திருக்கும். சாப்பாட்டை ஒதுக்கும் பெரியவர் பிஸ்கட்டையும் சர்க்கரை கூடுதலான காப்பியையும் மட்டும் விரும்பிச் சாப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுவைப்பொருள் உமிழ்நீரில் கரைந்தால்தான் மொட்டுகளை எட்டும். வாய் வறண்டிருந்தால் நல்ல சமையலும் மண்ணைத் தின்பது போலிருக்கும். ஆரோக்கியமான முதியவரிடம் உமிழ்நீர் பெரிதாகக் குறைவதில்லை. குறையச் செய்வது பெரும்பாலும் மாத்திரைகள். நரம்பு எரிச்சலுக்கும் மனச்சோர்வுக்கும் தரும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் கழிப்பதைத் தடுக்கும் ஆக்ஸிபியூட்டினின், தும்மலுக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகள், நீர் பிரிக்கும் மாத்திரைகள் ஆகியவை வாயை உலர்த்தும். வேறு சில மருந்துகள் சுவையையே மாற்றும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் உலோகச் சுவையையும் பசியின்மையையும் தரும். இரும்புச்சத்து மாத்திரையும் மெட்ரோனிடசோலும் அப்படியே. இதயத்துக்கான டிகாக்சின் உடலில் அளவு மீறினால் முதலில் தெரியும் அறிகுறிகளில் பசியின்மையும் குமட்டலும் முக்கியமானவை.

வாயில் வேறு சில தடைகளும் இருக்கலாம். பொருந்தாத பல்செட் மெல்ல விடாது. மேலண்ணத்தை முழுவதும் மூடும் பல்செட் உணவின் சூட்டையும் பதத்தையும் மறைத்துவிடும். ஈறு அழற்சியும் நாக்கில் வெள்ளையாகப் படரும் பூஞ்சையும் எல்லாவற்றையும் கசப்பாக்கும். துத்தநாகச் சத்துக் குறைபாடும் சுவையை மழுங்கச் செய்யும். ஆனால் குறைபாடு இல்லாதவருக்குத் துத்தநாக மாத்திரை கொடுப்பதால் பயன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பசி ஏன் எழுவதில்லை

ருசி குறைவது ஒரு பக்கம் என்றால், பசியே எழாமல் போவது இன்னொரு பக்கம். வயதானவரின் இரைப்பை உணவை மெதுவாகவே கீழே அனுப்புகிறது. உணவு வந்ததும் விரிந்து இடம்கொடுக்கும் அதன் மேற்பகுதி முன்போல் நெகிழ்வதில்லை. அதனால் நான்கு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது போலத் தோன்றும். போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்களும் முதியவர்களிடம் அதிகமாகச் சுரக்கின்றன. வேலையும் நடையும் குறைந்து தசை தேய்வதால் உடலின் ஆற்றல் தேவையும் இறங்குகிறது. ஆகவே முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவது இயல்பே.

இயல்பு எங்கே ஆபத்தாகிறது என்பதை பாஸ்டனிலுள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் சூசன் ராபர்ட்ஸ் குழுவினர் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இளைஞர்களுக்கும் முதிய ஆண்களுக்கும் மூன்று வாரம் தேவையைவிடக் குறைவாக உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். பிறகு விருப்பம்போல் சாப்பிட விட்டார்கள். இளைஞர்கள் கூடுதலாகச் சாப்பிட்டு இழந்ததை மீட்டார்கள். முதியவர்கள் அப்படிச் செய்யவில்லை. இழந்த எடை இழந்ததாகவே நின்றது. காய்ச்சலிலோ அறுவை சிகிச்சைக்குப் பிறகோ மூன்று கிலோ இளைத்த முதியவர் குணமானதும் தானாகத் தேறிவிடுவார் என்று காத்திருப்பது ஏன் தவறு என்பது இதிலிருந்து விளங்கும். அவருடைய பசி அந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. யாராவது பார்த்து ஊட்டமாகக் கொடுத்தால்தான் எடை திரும்பும்.

தாக உணர்வும் மங்குவதால் உடலில் நீர் குறைந்து வாய் இன்னும் வறளும், மலச்சிக்கல் வரும். மலச்சிக்கல் தன் பங்குக்குப் பசியைக் கெடுக்கும். இவற்றோடு தனிமையும் சேரலாம். துணையை இழந்தவர் தனக்கு மட்டும் என்ன சமைப்பது என்று காலையில் வைத்த சோற்றில் இரவுக்கும் மோர் ஊற்றி முடித்துக்கொள்வது பல வீடுகளில் நடப்பது. பசியின்மையோடு தூக்கம் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் அது மனச்சோர்வாகவும் இருக்கலாம்.

வீட்டிலேயே கண்டறிதல்

முகரும் ஆற்றலைச் சோதிக்க மூன்று சமையலறைப் பொருள்கள் போதும்: காப்பித்தூள், எலுமிச்சைத் தோல், பெருங்காயம். கண்ணை மூடச் செய்து, ஒரு நாசியை விரலால் அடைத்து, மற்ற நாசிக்கருகே ஒவ்வொன்றாகக் காட்டி என்ன என்று கேட்க வேண்டும். பிறகு மறு நாசி. வீட்டிலுள்ள இளையவர் எளிதில் சொல்வதை முதியவர் சொல்லாவிட்டால் முகர்வு மங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். கற்பூரம், தைலம், மிளகாய்த்தூள் ஆகியவற்றை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது. அவை காரத்தை அறியும் நரம்பையும் தூண்டுவதால் முகர்வே இல்லாதவருக்கும் சுரீரென்று தெரிந்துவிடும்.

உணவு போதவில்லை என்பதைக் காட்டும் நம்பகமான அளவுகோல் எடை. மாதம் ஒருமுறை, அதே தராசில், காலையில் சாப்பிடுவதற்கு முன் நிறுத்துக் குறித்துவைக்க வேண்டும். முயற்சி செய்யாமலேயே ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு இது 3 கிலோ. நிற்க முடியாதவருக்குக் கெண்டைக்காலின் பருத்த இடத்தைத் தையல் டேப்பால் அளக்கலாம். 31 செ.மீ.க்குக் கீழே இருந்தால் தசை தேய்ந்திருக்கக்கூடும். மோதிரம் கழல்வது, ரவிக்கை தளர்வது, பல்செட் ஆடுவது ஆகியவை தராசு இல்லாத வீட்டிலும் தெரியும் அடையாளங்கள்.

உப்பைக் கூட்டாமல் ருசியைக் கூட்டுவது

முதியவருக்குக் காரசாரமில்லாத குழைந்த சோறும் நீர்த்த ரசமும்தான் ஏற்றது என்ற எண்ணம் பல வீடுகளில் இருக்கிறது. மணம் மங்கிய ஒருவரிடமிருந்து புளிப்பையும் காரத்தையும் மொறுமொறுப்பையும் கூடப் பிடுங்கிவிட்டால் அவருக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல், விழுங்கும் சிரமம் போன்ற குறிப்பான காரணம் இருந்தால் ஒழிய அந்தப் பத்தியச் சமையல் தேவையில்லை.

முதலில் மணம். மசாலாப் பொருள்களின் மணத் துகள்கள் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவை, சூட்டில் பறந்துபோகிறவை. கொதிக்கும் குழம்பில் தொடக்கத்திலேயே போட்ட பெருங்காயமும் கறிவேப்பிலையும் பரிமாறும் நேரத்தில் பாதி மணத்தை இழந்திருக்கும். எனவே முதியவரின் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, ஒரு தேக்கரண்டி நெய்யிலோ நல்லெண்ணெயிலோ சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துச் சாப்பிட உட்காரும்போது மேலே கொட்டுவது பலன் தரும். அப்போது இடித்த மிளகு, வறுத்துப் பொடித்த மல்லி, நறுக்கிய கொத்தமல்லி ஆகியவற்றையும் அப்படிச் சேர்க்கலாம். உணவு சூடாக இருந்தால்தான் ஆவி எழும். ஆறிய பொரியலில் மணம் இருந்தும் அது மூக்குவரை ஏறாது.

அடுத்து புளிப்பும் காரமும். எலுமிச்சைச் சாறு சில துளி, மாங்காய், நெல்லிக்காய், தயிர் ஆகியவை உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும். உப்பு குறைவாக இருப்பதை மறைக்கவும் செய்யும். மிளகும் இஞ்சியும் மணத்தை இழந்தவருக்கும் தெரியும். தக்காளியை நன்றாக வதக்கிச் சுண்டவைத்தாலும், காளான் சேர்த்தாலும், அசைவம் சாப்பிடுபவர்களுக்கு எலும்பு சூப் வைத்தாலும் உமாமி கூடும். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ருசியானவை என்றாலும் உப்பு மிகுந்தவை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைப்பது எல்லா உணவும் சேர்ந்து 5 கிராமுக்குக் குறைவான உப்பு. அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ஆகவே சமைக்கும்போது பாதி உப்பே போட்டு, மீதியில் ஒரு சிட்டிகையைத் தட்டில் உணவின் மேற்பரப்பில் தூவலாம். நாக்கில் முதலில் படுவதால் உள்ளே கரைந்த உப்பைவிட இது தூக்கலாகத் தெரியும். கடைகளில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பவற்றில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோயாளிகளும் சில வகை ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

மூன்றாவது பதமும் நிறமும். மென்மையான சோற்றோடு சுட்ட அப்பளத்தின் ஒரு துண்டோ வறுத்த வேர்க்கடலைப் பொடியோ சேர்ந்தால் வாய்க்கு வேறுபாடு கிடைக்கிறது. மெல்ல முடியாதவருக்குக் காய்களைக் குழைய வேகவைத்தாலும் ஒன்றோடொன்று பிசைந்து ஒரே கூழாக்காமல் தனித்தனியாக வைப்பது நல்லது. கண்புரை உள்ளவருக்கு வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறும் மோரும் சரியாகத் தெரியாது. வாழையிலையோ அடர்நிறத் தட்டோ இதற்குத் தீர்வு.

மணத்தைக் கூட்டுவதால் எவ்வளவு பயன் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தின் சூசன் ஷிஃப்மன் 1993இல் வெளியிட்ட ஆய்வில், மணமூட்டிய உணவைப் பெற்ற முதியோர் இல்லவாசிகள் பல உணவுகளைக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். கைப்பிடி வலிமையும் மேம்பட்டது. பிறகு வந்த எல்லா ஆய்வுகளிலும் இதே பலன் கிடைக்கவில்லை. மணமே முற்றிலும் தெரியாதவருக்கு எவ்வளவு தாளித்தாலும் தெரியாது. அவருக்குப் புளிப்பு, காரம், பதம், சூடு ஆகியவையே துணை.

கொஞ்சத்தில் நிறையச் சத்து

பசி சிறிதாக இருந்தால் தட்டைப் பெரிதாக்குவதில் பயனில்லை. குவிந்த சோற்றைப் பார்த்ததுமே சலிப்பு வரும். சாப்பிடும் கொஞ்சத்துக்குள் சத்தை அடர்த்தியாக்க வேண்டும். முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதமும் சுமார் 30 கலோரியும் வேண்டும் என்பது ஊட்டச்சத்து வல்லுநர்களின் பொதுவான பரிந்துரை. ஒரு தேக்கரண்டி நெய்யில் 45 கலோரி, ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஒரு மேசைக்கரண்டி பால்பவுடரில் மூன்றரை கிராம் புரதம் இருக்கிறது. இவற்றைச் சேர்ப்பதால் உணவின் அளவு பெருகுவதில்லை. மூன்று வேளையை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரிப்பதும், பசி நன்றாக இருக்கும் காலை வேளையில் சத்தான உணவைக் கொடுப்பதும், சாப்பிடுவதற்குச் சற்று முன் காப்பியோ நிறையத் தண்ணீரோ குடித்து வயிற்றை நிரப்பாமல் இருப்பதும் உதவும். தண்ணீரை வேளைகளுக்கு இடையில் கொடுக்கலாம். சிறுநீரக நோய் உள்ளவருக்கு எவ்வளவு புரதம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

மகன் வீட்டில் இருக்கும் 74 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் நெடுநாளாகச் சாப்பிடுகிறார். கால் எரிச்சலுக்காக ஐந்து மாதங்களுக்கு முன் இரவில் அமிட்ரிப்டிலின் சேர்ந்தது. "என்ன குழம்பு வெச்சிருக்க, உப்பே இல்லையே" என்கிறார். "உப்பு சரியாத்தான் இருக்கு அத்தை" என்கிறார் மருமகள். இருவர் சொல்வதும் உண்மை. அதே காலத்தில் எடை 52 கிலோவிலிருந்து 48 ஆகியிருக்கிறது. இது ஏறத்தாழ 8 விழுக்காடு இழப்பு. எச்சரிக்கை எல்லையைத் தாண்டியது.

அவர் சாப்பிடுவதைக் குறித்துப் பார்த்தால் இப்படி இருக்கிறது: காலையில் காப்பி, சட்னியோடு மூன்று இட்லி, மதியம் ரசச்சோறும் மோரும் கொஞ்சம் பொரியலும், மாலையில் காப்பியும் மூன்று பிஸ்கட்டும், இரவில் இரண்டு இட்லி. மொத்தம் சுமார் 1,100 கலோரி, புரதம் 30 கிராமுக்கும் குறைவு. வேண்டியதோ 1,450 கலோரியும் 50 கிராமுக்கு மேல் புரதமும். காப்பித்தூளை முகர்ந்து சொல்ல முடியவில்லை. நாக்கு வறண்டு ஒட்டுகிறது.

முதல் வேலை மாத்திரைப் பட்டியலோடு மருத்துவரிடம் போவது. வாய் வறட்சியும் பசியின்மையும் தொடங்கிய காலம் அமிட்ரிப்டிலின் தொடங்கிய காலத்தோடு ஒத்துப்போகிறது என்பதைச் சொல்ல வேண்டும். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்பதை அவர் முடிவு செய்வார். மெட்ஃபார்மினும் சேர்ந்து பசியைக் குறைக்கிறதா என்பதையும் அவர் பார்ப்பார். எந்த மாத்திரையையும் வீட்டிலேயே நிறுத்துவது ஆபத்து.

உணவை இப்படி மாற்றலாம். காலை காப்பியில் 150 மி.லி. பால், சர்க்கரை இல்லாமல். எட்டு மணிக்கு இஞ்சி, மிளகு சேர்த்த ஒரு பாசிப்பருப்புத் தோசை. பத்தரைக்கு மிளகுத்தூள் தூவிய ஓர் அவித்த முட்டை. மதியம் ஒரு கப் சோறு, அரை கப் கெட்டிப்பருப்பு, அதன்மேல் ஒரு தேக்கரண்டி நெய்யில் புதிதாகப் பெருங்காயத் தாளிப்பு, தேங்காய் சேர்த்த பொரியல், எலுமிச்சை பிழிந்த வெள்ளரித் துண்டுகள், அரை கப் தயிர். மாலை நான்கு மணிக்கு மாங்காய் சேர்த்த சுண்டல் அரை கப், முன்போலவே காப்பி. இரவு நல்லெண்ணெயில் குழைத்த பருப்புப்பொடியோடு இரண்டு இட்லி. படுக்கும் முன் ஒரு மேசைக்கரண்டி பால்பவுடர் கலந்த பால். இதில் சுமார் 1,400 கலோரியும் 55 கிராம் புரதமும் கிடைக்கும். எந்த வேளையிலும் தட்டு நிறையச் சோறு இல்லை, உப்பும் கூடவில்லை. முட்டை சாப்பிடாதவருக்கு அந்த இடத்தில் பனீரோ ஒரு கைப்பிடி வேகவைத்த வேர்க்கடலையோ வைக்கலாம்.

இரண்டு வாரத்துக்கொருமுறை எடை பார்க்க வேண்டும். மாதம் அரை கிலோ கூடினாலும் அது நல்ல பலன். குறைவது நின்றாலே முதல் வெற்றி. எட்டு வாரத்திலும் எடை இறங்கிக்கொண்டே போனால் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று கொண்டு மீண்டும் மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை அளவையும் இடையில் பார்த்துக்கொள்ள வேண்டும். உணவும் மருந்தும் மாறும்போது அதுவும் மாறும்.

முகரும் பயிற்சியும் பாதுகாப்பும்

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகர மருத்துவர் தாமஸ் ஹம்மல் 2009இல் முகரும் பயிற்சி ஒன்றை முன்வைத்தார். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் சுமார் பத்து நொடி கவனமாக முகர வேண்டும். பன்னிரண்டு வாரம் தொடர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு முன்னேற்றம் தெரிந்தது. சளிக்காய்ச்சலுக்குப் பிறகு முகர்வு போனவர்களுக்கு இது கூடுதலாகப் பயன்படுகிறது. வயதால் மட்டும் தேய்ந்ததை முழுவதும் மீட்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

முகர்வு குறைந்தவர் தனியாகச் சமைத்தால் வேறு கவனமும் வேண்டும். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவைக் காட்டிக்கொடுக்கவே அதில் நாற்றமுள்ள மெர்காப்டன் கலக்கப்படுகிறது. அந்த நாற்றமும் இவருக்குத் தெரியாது. சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடும் வழக்கமும், கசிவு கண்டு ஒலிக்கும் கருவியும் தேவை. கெட்டுப்போன பாலையும் ஊசிப்போன குழம்பையும் மூக்கால் அறிய முடியாததால், ஃபிரிட்ஜில் வைக்கும் பாத்திரத்தில் தேதி எழுதி ஒட்டுவது நல்லது.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

முகர்வோ சுவையோ சில நாட்களுக்குள் திடீரென்று போனாலும், ஒரு நாசியில் மட்டும் போனாலும் அதை வயதின் கணக்கில் சேர்க்கக் கூடாது. முகர்வுக் குறைவோடு கை நடுக்கம், நடை தளர்வு, மறதி ஆகியவை சேர்ந்தால் நரம்பியல் சோதனை வேண்டும். பார்க்கின்சன் நோயிலும் அல்சைமர் நோயிலும் முகர்வு முன்கூட்டியே குறைவதுண்டு. சாப்பிடும்போது புரையேறுவது, நெஞ்சில் உணவு நிற்பது, தொடர் வாந்தி, கறுப்பு மலம், நீடிக்கும் காய்ச்சல் ஆகியவற்றோடு பசி குறைந்தால் காத்திருக்கக் கூடாது. எப்போதும் சாப்பிடுபவர் இரண்டு மூன்று நாளில் திடீரென்று சாப்பாட்டை ஒதுக்கினால் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ இருக்கலாம். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே இவை வருவதுண்டு. பற்களையும் பல்செட்டையும் ஆண்டுக்கொருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவதும், எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச்சென்று ஒரே மருத்துவரிடம் சரிபார்ப்பதும் இந்தப் பிரச்சினைகளில் பலவற்றை முன்கூட்டியே தடுக்கும்.